கேலிச் சான்றிதழுக்கு அரசாணை நடை

நண்பனுக்கான "பஸ்ஸைத் தவறவிடும் விருது" முதல் வரைவில் சப்பென்று இருந்தது. வாசகமே கிண்டலடித்ததுதான் காரணம். அலுவலக நடைக்கு மாற்றியதும் சரியானது:

"ந.க.எண்: 07/பஸ்/2025. பொருள்: 7.40 பஸ்ஸைத் தவறவிடுதல் – தொடர் சாதனை – அங்கீகரித்தல் – தொடர்பாக. மேற்படி நபர் பஸ் கிளம்பிய பின்னரே நிறுத்தத்துக்கு வருகை புரிந்துள்ளார் எனச் சான்றளிக்கப்படுகிறது."

கீழே "நடத்துநர் (பொறுப்பு)" என்று கையெழுத்து. அந்த "பொறுப்பு"தான் சிரிப்பைக் கொண்டுவருகிறது. விருது வாங்குபவரே சொல்லிச் சிரிக்கிற பழக்கத்தையே விருதாக்குங்கள். உடல், சம்பளம் பக்கம் போனால் முகம் மாறிவிடும்.

நான்கு சிங்க முத்திரை வேண்டாம், 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. டீ கிளாஸ் படம் போதும். ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் தாள் விறைப்பாக நிற்கும். அச்சுக்கடைக்கு பிடிஎஃப் ஆகவே கொடுங்கள், வேர்டு கோப்பென்றால் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறலாம்.