சம்ப் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

மழைத்தண்ணீர் சம்ப்புக்குள் புகுந்துவிட்டால் பலரும் கைக்கு வந்த அளவு பவுடரை அள்ளிப் போடுகிறார்கள். குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் அத்தனை குளோரினையும் பிறகு கழுவி வெளியேற்ற வேண்டும். கணக்கு எளிதுதான், போட்டுப் பார்ப்போம்.

முதலில் சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். அப்புறம் உள்ளளவை அடிக் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். நீளம் 6, அகலம் 5, நிரம்பிய தண்ணீரின் ஆழம் 4 என்றால் 120 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 3400 லிட்டர்.

பிபிஎம் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான். காலித் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய 50 பிபிஎம் போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். அதற்கு 3400 × 50 = 1,70,000 மில்லிகிராம், அதாவது 170 கிராம் குளோரின் தேவை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 170 கிராம் பவுடர் போட்டால் போதாது, ஏனென்றால் பவுடர் முழுவதும் குளோரின் அல்ல. புதிதாக இருக்கும்போது சுமார் 33 சதவீதம் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். கட்டிதட்டி, நெடி குறைந்திருந்தால் அது பழசு. நான் 25 என்றே வைத்துக் கணக்கிடுவேன்.

```
பவுடர் (கிராம்) = லிட்டர் × பிபிஎம் ÷ (10 × சதவீதம்)
3400 × 50 ÷ (10 × 25) = 680
```

பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும், சம்ப் கால்வாசி நிரம்பியதும் ஊற்றி, மீதியை நிரப்புங்கள். அதன் பிறகு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

மறுநாள் குளோரின் வாசனையே இல்லையென்றால் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பக் கழுவி, திரும்பப் போடுங்கள். வாசனை இருந்தால் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடலாம். செடிக்கோ செப்டிக் டேங்குக்கோ விட வேண்டாம். ஆர்ஓ இயந்திரத்துக்கும் போகக் கூடாது, அதன் சவ்வு கெடும்.

புதிதாக நிரப்பும் தண்ணீருக்கு 50 பிபிஎம் தேவையில்லை, 2 போதும். அதே கணக்கில் 27 கிராம். அரை மணி நேரம் கழித்துச் சோதனைக் கிட்டில் பாருங்கள். 0.2-க்கும் 0.5-க்கும் இடையில் எஞ்சியிருந்தால் சரி. எதுவும் எஞ்சவில்லையென்றால் தண்ணீரில் அழுக்கு இருக்கலாம், அதைக் குடிக்காதீர்கள்.