கவிதை பிடிபடாது என்பவருக்குக் குறுந்தொகை தரும்போது நேரும் தவறுகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கவிதை வாசிக்கக் கூடுகிறோம். அண்மையில் சேர்ந்த இருவர், கவிதை என்றாலே விலகிப் போகும் உறவினர்களுக்குப் புத்தகம் வாங்கித் தந்ததைப் பற்றிச் சொன்னார்கள். இருவரும் வாங்கியது தடித்த உரையோடு வந்த குறுந்தொகை. பல வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் என் அண்ணிக்கு வாங்கித் தந்தேன். குறுந்தொகை நல்ல தேர்வுதான். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வரிக்குள் முடிகிற பாடல்கள். அதைக் கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

உரைப் பதிப்பைக் கொடுத்து, முதலிலிருந்து படிக்கச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அண்ணிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். தையல் கடை நடத்திக்கொண்டிருந்தார். வார இதழ்த் தொடர்கதைகளை ஒன்று விடாமல் படிப்பவர். ஆனால் கவிதை என்றால், "அதெல்லாம் படிச்சவங்களுக்கு" என்பார். நான் கொடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் கீழே கூற்று, பதவுரை, பொழிப்புரை, விளக்கம், மேற்கோள் என்று இரண்டு மூன்று பக்கங்கள். நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, அடையாளத்துக்கு வைத்த துணித்துண்டு முதல் பாடலைத் தாண்டவில்லை. "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார். அதன் பிறகு நான்கு வருடம் அவர் எந்தக் கவிதைப் புத்தகத்தையும் தொடவில்லை. கவிதை கடினம் என்று முன்பு அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்; என் புத்தகம் அதை உறுதி செய்துவிட்டது.

முதல் பாடலை எடுத்துப் பாருங்கள். போர்க்களம் சிவக்க அசுரரைக் கொன்ற முருகனின் குன்றம், அதில் குருதி நிறப் பூக்களோடு குலை குலையாகக் காந்தள். அவ்வளவுதான் பாட்டு. தலைவன் காந்தள் பூவைப் பரிசாகக் கொண்டுவந்து நிற்கிறான், தோழி அதை மறுக்கிறாள் என்று கீழே உள்ள குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். 'எங்கள் மலையிலேயே இது நிறைய இருக்கிறதே' என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள். அருமையான பாட்டு. ஆனால் புதிதாக வருபவருக்கு இது முகத்தில் சாத்திய கதவு. குறுந்தொகைப் பாடல்கள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிற வரிசையில் இல்லை, திணை வாரியாகவும் இல்லை. அப்படியிருக்க, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

ஏ. கே. ராமானுஜன் 1967-இல் ஆங்கிலத்தில் செய்ததைப் பாருங்கள். நானூற்றுச் சொச்சம் பாடல்களில் 76-ஐ மட்டும் எடுத்தார். 'அவள் சொன்னது', 'அவன் சொன்னது' என்பது போல மேலே ஒரு சிறு தலைப்பு வைத்தார். திணை, மரபு பற்றிய நீண்ட கட்டுரையைக் கடைசியில் வைத்தார். கவிதை முன்னால், விளக்கம் பின்னால்.

நான்கு வருடம் கழித்து, அண்ணிக்கு நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு நோட்டில் பன்னிரண்டு பாடல்களை எழுதினேன், பக்கத்துக்கு ஒன்று. பாட்டுக்கு மேலே, யார் யாரிடம் சொல்கிறார் என்று ஒரே வரி. கீழே ஐந்தாறு சொற்களுக்குப் பொருள். பொழிப்புரை கிடையாது. முதல் பக்கத்தில் கூடலூர் கிழாரின் 167-ஆம் பாடல்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

மேலே நான் எழுதியது: 'மகள் குடும்பம் நடத்தும் வீட்டுக்குப் போய்வந்த வளர்ப்புத்தாய், பெற்ற தாயிடம் சொல்வது.' கீழே எழுதிய சொற்கள்: முளிதயிர் – முற்றிய தயிர், கலிங்கம் – சேலை, குய் – தாளிப்பு, அட்ட – சமைத்த, பாகர் – குழம்பு, ஒண்ணுதல் – அழகிய நெற்றி உடையவள். அடுக்களையில் நின்றபடி இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அண்ணி கொஞ்சம் நேரம் பேசவில்லை. அப்புறம், "கையைச் சேலையிலேயே துடைச்சிருக்கா, மாத்தக்கூட நேரமில்ல" என்றார். பிறகு, "அவன் இனிதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னான். இவ வாயத் திறக்கல. முகம்தான் மாறுது. அதையும் பார்த்தது அந்த வளர்ப்புத்தாய்தான்" என்றார். 'நுண்ணிதின்' என்ற சொல்லுக்கு நான் பொருள் எழுதவே இல்லை. அவரே எடுத்துக்கொண்டார். பொழிப்புரையை முன்னால் வைத்திருந்தால், 'கணவன் உண்டதால் மனைவி மகிழ்ந்தாள்' என்று படித்து மூடியிருப்பார்.

உரை வேண்டாம் என்று சொல்லவில்லை. உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட பதிப்பு இல்லாமல் என்னால் இந்த நோட்டையே தயாரித்திருக்க முடியாது. அது கொடுப்பவரின் மேசையில் இருக்கட்டும். படிப்பவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டியது, பேசுவது யார், கேட்பது யார் என்பது மட்டும். அது தெரியாமல்தான் பெரும்பாலோர் இந்தப் பாடல்களில் வழுக்குகிறார்கள். நாம் அதைக் கடினச் சொற்களின் குற்றம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நிறையச் சொற்பொருள் கொடுக்கிறோம்.

சொல்லை உடைத்து அச்சிட்ட பதிப்பை வாங்குவது

கடையில் 40-ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். முதல் வரி 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று இருந்தால், அது யாப்பின் சீர்களைப் பார்த்துப் பிரித்த அச்சு. 'யார் ஆகியரோ' என்று இருந்தால் சொல்லைப் பார்த்துப் பிரித்தது. இரண்டும் ஒரே வரிதான். ஆனால் முதல் அச்சில் 'கியரோ' என்ற இல்லாத சொல்லுக்குப் பொருள் தேடி, படிப்பவர் களைத்துப்போவார். இந்த ஒரு பாட்டைப் பார்த்தாலே முழுப் புத்தகமும் எப்படி அச்சாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதிக் கடினம் அச்சில்தான் இருக்கிறது.

திணை, துறை, முதற்பொருள், கருப்பொருள்

பத்துப் பாடல் முடியும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது

வகுப்பறைக் கேள்வி. "இப்போது அவள் எங்கே நிற்கிறாள்?" என்று கேளுங்கள்.

திருக்குறளில் தொடங்குவது

காமத்துப்பால் தொடங்கும் 1081-ஆம் குறளிலிருந்து என்றால் சரி.

பழைய தமிழே வேண்டாம் என்பவருக்கு முழுத்தொகுப்பு வாங்குவது

சிலருக்குச் சங்கத்தமிழ் ஒத்துவராது. அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் நவீன கவிதைக்குப் போகலாம். அங்கேயும் தடித்த முழுத்தொகுப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். கவிஞர் போனபின் தொகுத்த முழுத்தொகுப்பில் தொடக்கக் கால முயற்சிகளும் அவர் வெளியிடாமல் வைத்திருந்தவையும் சேர்ந்து வரும். ஆய்வாளருக்கு அது வேண்டும். முதல்முறை படிப்பவருக்கு வேண்டியது கவிஞரே தேர்ந்து அடுக்கிய சிறு புத்தகம். ஆத்மாநாம் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு', 1981. ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' 1973. இப்படிப்பட்ட மெலிந்த பழைய தொகுப்புகளை நூலகத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், முழுத்தொகுப்பின் உள்ளடக்கத்தில் அந்தத் தொகுப்பு தனிப் பகுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே ஒரு துணித்துண்டை வைத்துக் கொடுங்கள்.

பிடிக்காத கவிதையைப் பிடிக்கவைக்க முயல்வது

என் நோட்டில் வெள்ளிவீதியாரின் 58-ஆம் பாடலும் இருந்தது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையில்லை, வாயும் பேசாது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் அவனால் முடியும். காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்கிறான் தலைவன். எனக்கு உயிரான பாட்டு. அண்ணி, "இது வேணாம் தம்பி, படிக்கவே பாவமா இருக்கு" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். நானும் அடுத்த பாட்டைப் படித்தேன்.