சானிடைசரா, சோப்பா: எந்தக் கைக்கு எது?

சானிடைசர் போட்டதும் கை சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. ஆல்கஹால் கையில் இருக்கும் கிருமிகளில் பலவற்றைக் கொல்லும். ஆனால் எதையும் கையை விட்டு வெளியேற்றாது. செத்த கிருமி, சாகாமல் தப்பித்த கிருமி, எண்ணெய்ப் பிசுக்கு, மண், பூச்சிமருந்து எல்லாம் ஆல்கஹால் காய்ந்த பிறகும் அதே கையில்தான் இருக்கும். சோப்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. அது தோலோடு ஒட்டிய அழுக்கையும் அதில் சிக்கிய கிருமியையும் பிரித்து எடுக்கிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. கிருமி செத்ததா இல்லையா என்பது அங்கே பெரிய கேள்வி இல்லை, அது கையில் இல்லை என்பதே போதும்.

ஆகவே இரண்டில் எது 'பவர்' அதிகம் என்று கேட்பதை விட, இப்போது என் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்பதுதான் சரி.

வயிற்றுப்போக்கு உள்ள வீட்டில் சானிடைசரை நம்புவது

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான். வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கு இரவில் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கிறது. அம்மா துடைத்து, துணி மாற்றி, பாயை அலசப் போட்டுவிட்டு, அவசரத்தில் மேசையில் இருக்கும் சானிடைசரை இரண்டு அமுக்கு அமுக்கித் தேய்த்துக்கொள்கிறார். காலையில் அதே கையால் எல்லோருக்கும் தயிர் சாதம் பிசைகிறார். அடுத்த ஒன்றிரண்டு நாளில் அப்பாவுக்கும் பாட்டிக்கும் வயிறு கலங்குகிறது. சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இப்படி வீடு முழுக்கப் பரவும் வாந்தி-பேதிக்கு அடிக்கடி காரணமாக இருப்பது நோரோவைரஸ். உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறி தெரியும். மிகச் சொற்பமான துகள்கள் வாய்க்குள் போனாலே நோய் தொற்றிவிடும். இந்த வைரஸிடம் ஆல்கஹால் தோற்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. கொரோனா, இன்ஃப்ளுயன்ஸா போன்ற வைரஸ்களைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. ஆல்கஹால் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டால் வைரஸின் கதை முடிந்தது. சோப்பும் அதே படலத்தைக் கிழிக்கும். நோரோவைரஸுக்கு அந்தப் படலமே கிடையாது. இறுக்கமான புரத ஓடு மட்டும்தான். ஆல்கஹால் அந்த ஓட்டை எளிதில் குலைக்க முடியாது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இதே வகை.

சோப்பும் இந்த ஓட்டை உடைப்பதில்லை. ஆனால் கையிலிருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. அதனால் இந்த வீட்டில் கழிவறைக்குப் பிறகு, குழந்தையைக் கழுவிவிட்ட பிறகு, வாந்தி துடைத்த பிறகு, சமையலைத் தொடும் முன்பு சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். குழந்தைக்கு வயிறு சரியான பிறகும் சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட, மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் கை கழுவுவதைத் தளர்த்திவிடுவது இதே தவறின் இரண்டாம் பாகம்.

ஆல்கஹாலுக்கு மசியாதவை இன்னும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வயிற்றுப் புழுக்களின் முட்டை, நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குக் கடும் பேதியைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் வித்துகள் ஆகியவை. மற்ற நேரமெல்லாம் சானிடைசரை முன்னிறுத்தும் மருத்துவமனைகளிலும் இந்தக் கடைசி வகை நோயாளி இருக்கும் அறையிலிருந்து வரும்போது சோப்பால் கழுவச் சொல்வார்கள்.

ஈரக் கையிலும் அழுக்குக் கையிலும் போடுவது

ஆல்கஹாலுக்கு இடையில் எது வந்தாலும் அதன் வேகம் குறையும். மீன் கழுவிய கை, வண்டிச் சங்கிலி மாட்டிய கை, தோட்டத்து மண் ஒட்டிய கை, இவற்றில் சானிடைசர் போட்டால் அழுக்கைக் குழைத்துக் கை முழுக்கப் பூசியதாகத்தான் ஆகும். பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்தவர்கள் கட்டாயம் சோப்பைத்தான் எடுக்க வேண்டும். மருந்து அங்கேயே தோலில் தங்கினால் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

சளி விஷயத்தில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் கலந்த சளி ஈரமாக இருந்தபோது, ஆல்கஹால் பட்டு 2 நிமிடம் ஆன பிறகும் வைரஸ் உயிரோடு இருந்தது. முழுதாக அழிய 4 நிமிடம் ஆயிற்று. சளி காய்ந்துவிட்டிருந்தால் அரை நிமிடத்திலேயே அழிந்தது. கழுவிய கையில் சளி ஈரமோ காய்ந்ததோ, அரை நிமிடமே போதுமானதாக இருந்தது. சாதாரணமாக நாம் சானிடைசர் தேய்ப்பது அரை நிமிடத்துக்குள்தான். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்ட கைக்குக் குழாயடிதான் சரியான இடம்.

வெறும் தண்ணீர் ஈரமும் கெடுதல்தான். 70 சதவீத சானிடைசர் 3 மில்லி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கையில் 1 மில்லி தண்ணீர் இருந்தால் கலவை உடனே ஏறக்குறைய 52 சதவீதமாக இறங்கிவிடும். அதனால் கழுவிய கையோடு 'எதற்கும் இருக்கட்டும்' என்று சானிடைசரும் போடுவதில் பயன் எதுவும் இல்லை. தோல்தான் வறண்டு வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி இன்னும் எளிதாகத் தங்கும்.

சதவீதத்தைப் பார்க்காமல் வாங்குவது

ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் கொல்லும் திறன் சட்டென்று குறைகிறது. கிருமியை அழிப்பதற்குப் பதிலாக வளர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 60 முதல் 95 சதவீதம் வரை நல்ல வேலை செய்யும் எல்லை. உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் செய்முறைகளில் எத்தனால் என்றால் 80 சதவீதம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றால் 75 சதவீதம்.

அப்படியானால் 99 சதவீதம் வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீரும் துணை வேண்டும். தண்ணீரே இல்லாத ஆல்கஹால் புரதத்தை அவ்வளவு எளிதில் குலைக்காது, அதோடு வேலை முடியும் முன்பே ஆவியாகிப் போய்விடும். எல்லையின் உச்சிக்குப் போவதை விட நடுவில் நிற்பதுதான் பலன்.

லேபிளில் எண்ணுக்குப் பக்கத்தில் v/v என்று இருந்தால் அது கன அளவுக் கணக்கு. w/w என்று இருந்தால் எடைக் கணக்கு. எத்தனாலில் எடைக் கணக்கு 70 என்பது கன அளவில் சுமார் 77 ஆகும். 60 என்ற கீழ் எல்லையும் மேலே சொன்ன 80, 75 ஆகியவையும் கன அளவுக் கணக்கு. சதவீதமே போடாமல் '99.9% கிருமிகளைக் கொல்லும்' என்று மட்டும் எழுதியிருக்கும் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுங்கள். அந்த எண் ஆல்கஹால் அளவு கிடையாது. 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்பவற்றில் பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். அது எல்லாக் கிருமிகளிடமும் ஆல்கஹால் அளவுக்கு வேலை செய்யாது.

நல்ல பாட்டிலை வாங்கி வீட்டில் கெடுப்பதும் நடக்கிறது. கை எரிகிறது என்று 100 மில்லி சானிடைசரில் 30 மில்லி கற்றாழை ஜெல் கலக்கிறார்கள். 70 மில்லி ஆல்கஹால் இப்போது 130 மில்லியில் பரவிக் கிடக்கிறது, அதாவது 54 சதவீதம். வாசனை அப்படியே இருக்கும், குளிர்ச்சியும் இருக்கும், எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கியது மட்டும் தெரியாது. எரிச்சல் இருந்தால் கிளிசரின் சேர்த்தே வரும் சானிடைசரை வாங்கலாம், அல்லது கை காய்ந்த பிறகு க்ரீம் தடவலாம். மூடியைத் திறந்து போடுவதும் இதே விளைவைத் தரும். தண்ணீரை விட ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்.

அளவும் நேரமும்

ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துவிட்டுப் போவதால் பயனில்லை. கை முழுவதும் நனைய வேண்டும்: விரல் நுனி, நகத்தடி, கட்டைவிரல், புறங்கை. தேய்த்து 15 விநாடிக்குள் கை காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை என்று அர்த்தம். 20 முதல் 30 விநாடி வரை ஈரம் நிற்க வேண்டும். இடையில் புடவையிலோ பேன்ட்டிலோ துடைத்துவிடக் கூடாது.

சோப்பில் நடக்கும் தவறு வேறு. குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியிலேயே சோப்பு போடுகிறோம், நுரை வரும் முன்பே அது ஓடிவிடுகிறது. நனைத்து, குழாயை மூடி, 20 விநாடி நுரையோடு தேய்த்து, பிறகு கழுவ வேண்டும். வெந்நீர் அவசியமில்லை. வாளித் தண்ணீர்தான் என்றால் கையை வாளிக்குள் விடாமல், இன்னொருவர் மொண்டு ஊற்றினால் நல்லது. கடைசியில் வாஷ்பேசின் பக்கத்தில் நாள் முழுக்க ஈரமாகத் தொங்கும் பொதுத் துண்டில் துடைத்தால், பலருடைய கையில் இருந்தது திரும்ப உங்கள் கைக்கு வரும்.

சானிடைசர்தான் நல்லது என்ற இடங்கள்

இவ்வளவு சொன்னதால் சானிடைசரை ஒதுக்கிவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கில்லாத, உலர்ந்த கை என்றால் அது சோப்பை விட வேகமாகவும், பல கிருமிகள் விஷயத்தில் நன்றாகவும் வேலை செய்யும். வார்டில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் வாஷ்பேசினுக்கு நடந்தால் வேலை ஓடாது, அடிக்கடி கழுவித் தோலும் புண்ணாகும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து இறங்கியபோது, ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்கும் முன்பும் பின்பும், பிறந்த குழந்தையைத் தூக்கும் முன் தண்ணீர் இல்லாதபோது தாராளமாகப் போடலாம்.

காயும் வரை தீயிடம் போகக் கூடாது. 70 சதவீத எத்தனால் நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை விடும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, தீபாவளி மத்தாப்பு என்று எதுவாக இருந்தாலும் முன்பு சோப்பால் கழுவுங்கள், பாட்டிலையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

உரிம எண்ணோ தயாரித்தவர் முகவரியோ இல்லாத கேன்களில் மெத்தனால் கலந்திருக்க வாய்ப்புண்டு. வாசனையை வைத்து எத்தனாலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும். அமெரிக்காவில் 2020இல் உணவு, மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட பல சானிடைசர்களைப் பெயரோடு பட்டியலிட்டு எச்சரித்தது. குழந்தை எந்தச் சானிடைசரைக் குடித்துவிட்டாலும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு அந்த லேபிள்தான் சொல்லும்.