முதல் ஆர்டரை விற்பனை என்று எண்ணாதீர்கள்

மேலூர்ப் பக்கம் வீட்டிலேயே முறுக்கு, சீடை செய்து விற்றுவரும் ஒரு பெண் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார். "அண்ணே, பன்னெண்டு சூப்பர்மார்க்கெட்ல ஆர்டர் குடுத்துட்டாங்க, ரெண்டாவது அடுப்பு போடலாமுன்னு இருக்கேன்" என்றார். அதே பன்னிரண்டு கடைக் கணக்கோடு நானும் ஒரு காலத்தில் இரண்டாவது அடுப்பு போட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம், உறையில் அச்சிட வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை எவரும் சொல்லித் தந்துவிடுவார்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, கடைக்குச் சரக்கு கொடுக்கத் தொடங்குவோர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆர்டரை விற்பனை என்று எண்ணுவது

கடைக்காரர் கொடுக்கும் முதல் ஆர்டர் அவருடைய ரேக்கை நிரப்புவதற்கானது. பொருளை யாராவது வாங்கிப் போவார்களா என்பது அவருக்கும் தெரியாது. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக நாம் ஒப்புக்கொண்டிருப்பதால், அறுபது பாக்கெட் கேட்பதில் அவருக்கு நட்டமும் இல்லை.

என் கணக்கு இது. 200 கிராம் கார முறுக்கு, எம்.ஆர்.பி. 60 ரூபாய், ஆயுள் 60 நாள். பன்னிரண்டு கடைகளுக்குத் தலா 60 வீதம் 720 பாக்கெட் போயின. அந்தப் பில்களைப் பார்த்த மகிழ்ச்சியில், மறு ஆர்டர் வருவதற்கு முன்பே இன்னும் 700 பாக்கெட் போட்டு, தகரக் கூரை போட்ட குடோனில் அடுக்கினேன். சித்திரை வெயிலில் அந்த எண்ணெய்ப் பண்டம் தேதிக்கு முன்பே சிக்கு வாடை அடித்தது. ஏழாவது வாரம், காலாவதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைகள் ரேக்கைக் காலி செய்து 384 பாக்கெட்டுகளைத் திருப்பின.

விற்றவை 336. கடை ஒன்றுக்கு வாரம் 4 பாக்கெட். அப்படியானால் நான் அனுப்பிய 60 பாக்கெட் பதினைந்து வாரச் சரக்கு, பண்டத்தின் ஆயுளோ எட்டரை வாரம். திரும்பி வரும் என்பது அனுப்பிய அன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

பணமாகப் பார்த்தால் இன்னும் கசக்கும். கடைக்கு 25 சதவீதம் போனால் நம் பில் விலை 45 ரூபாய். இன்றைய 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் கையில் நிற்பது 42.86. பொருள், உறை, கூலி, வண்டி எல்லாம் சேர்ந்து அடக்கம் 34 என்றால் மிஞ்சுவது 9 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு பாக்கெட் திரும்பினால் ஏறத்தாழ நான்கு பாக்கெட் இலாபம் கரைகிறது. 336 பாக்கெட்டில் சம்பாதித்தது மூவாயிரத்தை எட்டவில்லை, திரும்பிய 384-இல் போன அடக்கம் மட்டும் 13,056 ரூபாய். குடோனில் கெட்ட 700 இதில் சேரவில்லை.

மேலூர்ப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான். முதலில் நான்கே கடைகள், தலா 24 பாக்கெட். அவற்றை ஆழமாக அடுக்காமல் முன்வரிசையில் பரப்பி வைத்தால் ரேக் காலியாகத் தெரியாது. பர்ச்சேஸ் மேனேஜர் பெரும்பாலும் ஆட்சேபிப்பதும் அந்தக் காலி இடத்தைத்தான். வாரம் ஒருமுறை நேரில் போய் எண்ண வேண்டும். சென்ற வாரம் இருந்தது, இடையில் கொடுத்தது இரண்டையும் கூட்டி, இப்போது இருப்பதைக் கழித்தால் வருவதே விற்பனை. முதல் இரண்டு வாரம் புதுப்பொருள் என்று எடுத்துப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் திரும்ப வந்து வாங்குவோர் தெரிவார்கள். அந்த எண்ணை வைத்து, எந்தக் கடையிலும் மூன்று வார விற்பனைக்கு மேல் சரக்கு நிற்காதபடி மறு ஆர்டரை நிர்ணயிக்க வேண்டும். வாரம் 4 போகும் கடைக்குப் பன்னிரண்டே போதும்.

எண்ணப் போகும்போது கையைப் பின்வரிசை வரை நீட்டிப் பாருங்கள். அண்ணா நகரில் ஒரு கடையில் முன்னால் நான்கு நாள் பழைய பாக்கெட்டுகள் இருந்தன, பின்னால் சுவரை ஒட்டிச் சாய்ந்திருந்த ஐந்தில் நாற்பது நாளுக்கு முந்தைய தேதி. அடுக்கும் பையன் புதியதை முன்னால் வைப்பது அவனுக்கு எளிது என்பதால் அப்படிச் செய்திருந்தான். பழையதை முன்னால் இழுத்து வைப்பது நம் வேலை, கடையின் வேலை என்று விட்டுவிட்டால் அந்த ஐந்தும் நம்மிடமே திரும்பும்.

அடக்கத்தின் மேல் இலாபம் வைத்து எம்.ஆர்.பி. போடுவது

ரேக்கில் பக்கத்துப் பாக்கெட்டின் விலையிலிருந்து கடையின் பங்கு, வரி, இலாபம் என்று கழித்து, அடக்கம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று கீழ்நோக்கிக் கணக்கிட்டு வாருங்கள்.

தேதி அச்சு

எண்ணெய்க் கை பட்டால் அழியும் மையில் தேதி போட்ட பாக்கெட்டைக் கடை ஏற்காது.

தீபாவளிக்கு முன் நுழைவது

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் எந்த முறுக்கும் விற்கும். அந்த எண்ணிக்கையை மறு ஆர்டர் கணக்கில் சேர்க்கக் கூடாது. கார்த்திகை பிறந்து இரண்டு வாரம் கழிந்த பின் எண்ணத் தொடங்குங்கள்.