பார்சல் வரவில்லை என்று சார்ஜ்பேக் வந்தால்: நாங்கள் அனுப்ப இருந்த தவறான சான்றுகள்

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் என் அத்தை மகனுக்கு நான் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு பூனாவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் ஒன்றை 6,800 ரூபாய்க்கு கார்டில் வாங்கியது. பார்சல் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, பொருள் வரவே இல்லை என்று அவர்கள் தங்கள் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டதால், எங்களுக்குச் சார்ஜ்பேக் வந்தது. பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம்.

முதல் நாளே ஒரு கட்டு சேர்த்துவிட்டோம். பில், பாய் நெய்யும்போது எடுத்த படங்கள், கூரியரில் பணம் கட்டிய ரசீது, "Delivered" என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட், ஓ.டி.பி. போட்டுத்தான் பணம் கட்டினார் என்பதற்கான பதிவு. பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினோம். பார்த்துவிட்டு, "இது எல்லாம் நீங்க அனுப்புனதுக்குச் சாட்சி. அவருக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு எங்கே?" என்று கேட்டார்.

முதலில் அவர் ஒதுக்கி வைத்தது ஓ.டி.பி. பதிவை. நிறைய பேர் இதைத்தான் பெரிய ஆயுதம் என்று நம்புகிறார்கள். "இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் ஓ.டி.பி. பதிவு உதவும். எங்கள் வாடிக்கையாளரோ பணம் கட்டியதை மறுக்கவில்லை, பொருள் கிடைக்கவில்லை என்கிறார். அதனால் வந்த அறிவிப்பில் காரணக் குறியீட்டை முதலில் பாருங்கள். விசா கார்டில் பொருள் வரவில்லை என்ற புகாருக்கு 13.1 என்று இருக்கும். மாஸ்டர்கார்டில் இது 4853-இன் கீழ் வரும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். அதில் கூரியர் பார்சலுக்குக் கொடுத்த டாக்கெட் நம்பர், தேதி, "Pune" என்ற ஊர்ப் பெயர், அவ்வளவுதான் இருந்தது. பூனாவில் யார் வீட்டுக்குப் போனது என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? ஆர்டரில் கொடுத்த முகவரிக்கே போனது என்று தெரிய வேண்டும். அதற்குக் கூரியரிடம் பி.ஓ.டி. கேட்டு வாங்க வேண்டும். வாங்கியவர் பெயர், கையெழுத்து, நேரம், முழு முகவரி எல்லாம் இருக்கும் டெலிவரிச் சான்று அது. கிளைக்குப் போய் வாயால் கேட்காமல், டாக்கெட் நம்பர் போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். எங்களுக்கு அது கைக்கு வர மூன்று நாள் ஆனது. கடைசி நாளில் கேட்டிருந்தால் அவகாசம் முடிந்திருக்கும்.

பி.ஓ.டி. வந்தது. முகவரி சரி, பிளாட் நம்பர் சரி. ஆனால் கையெழுத்து போட்டிருந்தது அடுக்குமாடி வாசலில் இருந்த செக்யூரிட்டி. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். வேறொருவர் வாங்கியிருந்தால், அவரிடம் கொடுக்க வாடிக்கையாளர் சம்மதித்தார் என்பதையும் காட்ட வேண்டும். எங்கள் அதிர்ஷ்டம், டெலிவரிக்கு முந்தின நாள் அவர் வாட்ஸ்அப்பில் "நாங்க வீட்ல இல்லேன்னா கேட் செக்யூரிட்டிட்ட குடுக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் வழக்கின் உயிர்.

அதையும் அப்படியே அனுப்பக் கூடாது. முடிவு செய்யும் வங்கி அதிகாரிக்குத் தமிழ் தெரியும் என்று எதை வைத்து நம்புவது? தமிழ் வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதினோம். செய்தி வந்த எண்ணும் ஆர்டரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்பதை இரண்டு படங்களிலும் வட்டமிட்டுக் காட்டினோம். நாற்பது பக்க அரட்டையை ஏற்றினால் அந்த வரியை யாரும் தேட மாட்டார்கள்.

கடைசியில் போனது நான்கே தாள். ஆர்டர் நம்பர், டாக்கெட் நம்பர், தேதி வாரியாக நடந்ததைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம், முகவரி தெரியும் பில், பி.ஓ.டி., அந்த வாட்ஸ்அப் வரி. "ஏமாற்றுக்காரர்" போன்ற சொல் எதுவும் கடிதத்தில் இல்லை. அவர் வீட்டில் உள்ளவர்களுக்கே பார்சல் வந்தது தெரியாமல் இருந்திருக்கலாம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பெயர் நெய்த பாயை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது, அதனால் அந்தப் பணம் நெசவு செய்த அக்காவின் கூலிக்கே தேவைப்பட்டது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பதறிப்போய் வாடிக்கையாளருக்குத் தனியாக ஜிபேயில் பணத்தைத் திருப்பிப் போடாதீர்கள். சார்ஜ்பேக் தன் வழியில் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு முறை பணம் போகும். பி.ஓ.டி.யே கிடைக்கவில்லை, பார்சல் உண்மையிலேயே தொலைந்தது என்றால் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு, கூரியரிடம் இழப்பீடு கேட்பதுதான் சரி.

இப்போது எங்கள் ஆர்டர் படிவத்தில் "நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை நிரப்பாமல் பார்சல் கிளம்பாது.