வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் போட்டோவாக வந்தால் எப்படி வாசிப்பது?

போன மாதம் ஒரு ராத்திரி என் சித்தி மகள் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பாளையங்கோட்டையில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு பார்த்து, வாடகையும் பேசி முடித்து, டைப் அடித்த ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. "அண்ணே, தமிழ்லதான் இருக்கு, ஆனா ஒண்ணும் புரியல. இதுல என்ன சொல்லிருக்குன்னு மட்டும் சொல்லு" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் வக்கீல் இல்லை. எங்கள் தெருவில் பத்திரம், நோட்டீஸ் என்று எது வந்தாலும் வாசித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் என்ன சொல்கிறது என்று எளிய தமிழில் சொல்வது ஒரு வேலை. அது சட்டப்படி செல்லுமா, கையெழுத்துப் போடலாமா என்று சொல்வது வேறு வேலை. முதல் வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் அவள் அனுப்பிய பக்கத்தை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்டோ

அவள் அனுப்பிய போட்டோ டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. போனின் நிழல் நடுப்பக்கத்தில் விழுந்திருந்தது. கீழ்வரிகள் வளைந்து கிடந்தன. வாடகைத் தொகை 7,500 என்றும் தெரிந்தது, 1,500 என்றும் தெரிந்தது. இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு அர்த்தம் சொல்லக் கூடாது. மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பகலில், ஜன்னல் பக்கம் மேசையில் தாளை விரித்து, போனை நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். பிளாஷ் வேண்டாம், அது நடுவில் வெள்ளையாக அடித்துவிடும். தாளின் நாலு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், அதனால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். ஆதார் எண் இருக்கும் இடத்தை ஒரு துண்டுத் தாளால் மூடிக்கொண்டு எடுப்பது நல்லது.

படம் வந்ததும் ஒரு சோதனை. இருப்பதிலேயே சின்ன எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது 1-ஆ 7-ஆ, 3-ஆ 8-ஆ என்று ஊகிக்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் 'வாசிக்க முடியவில்லை' என்றே எழுதுங்கள். 'பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்' என்று நிரப்பிவிட வேண்டாம். தொகையைப் பெரும்பாலும் எண்ணிலும் எழுத்திலும் போட்டிருப்பார்கள். இரண்டையும் வாசியுங்கள். இரண்டும் தெளிவாகத் தெரிந்து, ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் எது சரி என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். வேறுபடுகிறது என்று சொன்னால் போதும், கையெழுத்துக்கு முன்னால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்

அவள் அனுப்பியது இரண்டாம் பக்கம். அதில் யார் பெயரும் இல்லை. '1-வது நபர்', '2-வது நபர்' என்றுதான் வரிக்கு வரி வருகிறது. வீட்டுக்காரர்தான் எப்போதும் முதல் நபர் என்று நினைத்துவிடாதீர்கள், மாற்றி எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. முதல் பக்கத்தையும் வாங்கிப் பார்த்தேன். 1-வது நபர் வீட்டுக்கார ஆச்சி, 2-வது நபர் இவள். ஒரு தாளில் அதை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு இடத்திலும் 'நபர்' என்பதை எடுத்துவிட்டு 'ஆச்சி', 'நான்' என்று போட்டு வாசிக்கச் சொன்னேன். பாதி மிரட்சி அதிலேயே போய்விட்டது.

அப்புறம் 'ஷை'. இதைப் பார்த்துத்தான் இளம்பிள்ளைகள் திகைக்கிறார்கள். 'மேற்படி' என்பதன் பழைய சுருக்கம் அது, மேலே சொன்ன என்று பொருள். ஷை வரும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மேலே கொண்டுபோய், எதைச் சொல்கிறது என்று தேட வேண்டும். அவள் பக்கத்தில் ஓரிடத்தில் 'ஷை கடை' என்று இருந்தது. மேலே எங்கேயும் கடை இல்லை. பழைய கடை வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள், இந்த ஒரு சொல் தப்பி நின்றுவிட்டது. இதற்கு நாம் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, 'இது வீடு என்று இருக்க வேண்டுமா, கேள்' என்று குறித்தால் போதும்.

நீண்ட வாக்கியத்தை உடைப்பது

இதுதான் உண்மையான வேலை. அந்தப் பக்கத்தின் ஐந்தாவது ஷரத்து இப்படி இருந்தது:

'2-வது நபர் இன்று ரொக்கமாகச் செலுத்தியுள்ள முன்பணம் ரூ.40,000/- (ரூபாய் நாற்பதாயிரம் மட்டும்) வட்டியின்றி 1-வது நபர் வசம் இருக்க வேண்டியது என்றும், 2-வது நபர் ஷை வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கும் காலத்தில் வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, வெள்ளையடிப்புச் செலவாக ஒரு மாத வாடகை மற்றும் சேதாரங்கள் ஏதுமிருப்பின் அவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது என்றும் சம்மதிக்கிறோம்.'

ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் புரியாது. பத்திரத் தமிழில் 'என்றும்' வரும் இடமெல்லாம் ஒரு வாக்கியம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் வினையைப் பிடியுங்கள்: இருக்க வேண்டியது, ஒப்படைக்கும், கழித்துக்கொண்டு, தருவது. ஒவ்வொரு வினைக்கும் யார், யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று கேளுங்கள். 'சுவாதீனம் ஒப்படைப்பது' என்றால் சாவியைக் கொடுத்து வீட்டை அவர்கள் கைக்கு விடுவது. அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இது:

'இன்றைக்கு நீ ஆச்சியிடம் 40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துவிட்டாய் என்று இதில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. நீ வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும்போது ஆச்சி சிலவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பிடிப்பவை: வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, சேதாரம்.'

எண்ணில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மாத வாடகை 7,500. பாக்கி எதுவும் இல்லை, எதுவும் உடையவில்லை என்றாலும் 40,000-இல் 7,500 போய் 32,500 கைக்கு வரும். கரண்ட் பில் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். நடுவில் காலி செய்தால் கடைசி பில் தொகை எவ்வளவு என்றே அன்றைக்குத் தெரியாது, அதற்கும் கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடும்.

இப்போது நுணுக்கமான இடத்துக்கு வருகிறோம். 'ஏதுமிருப்பின்' என்ற சொல் எதைச் சேர்ந்தது? சேதாரத்தை மட்டுமா, வெள்ளையடிப்பையும் சேர்த்தா? முதல் மாதிரி வாசித்தால் சுவர் பளிச்சென்று இருந்தாலும் ஒரு மாத வாடகை போய்விடும். நான் மேலே 32,500 என்று கணக்குப் போட்டது அப்படி வாசித்துத்தான். இரண்டாவது மாதிரி வாசித்தால் வெள்ளையடிக்க வேண்டியிருந்தால் மட்டும்தான் போகும், இல்லையென்றால் முழு 40,000-மும் வரும். வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இப்படி இருக்கும்போது நமக்குப் பிடித்ததை எடுத்துச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு விதமாகவும் வாசிக்கலாம், எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள் என்று சொல்ல வேண்டும். எளிமையாக்குகிறேன் என்று ஒரு அர்த்தத்தை விழுங்கிவிட்டால், காலி செய்கிற நாளில் அவள்தான் அதற்குப் பணம் கொடுப்பாள்.

அதே மாதிரி, இல்லாததையும் சொல்ல வேண்டும். சேதாரத்தை யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் மீதி வரும், ரொக்கத்துக்கு ரசீது உண்டா, இவை எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. 'இந்தப் பக்கத்தில் இல்லை' என்றுதான் எழுதினேன். ஒப்பந்தத்திலேயே இல்லை என்று சொல்ல எல்லாப் பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

பக்கம் எங்கே முடிகிறது?

ஆறாவது ஷரத்து அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் இப்படி நின்றது: '2-வது நபர் 11 மாத கெடுவிற்கு முன் காலி செய்ய நேரிட்டால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியது, தவறினால் இரண்டு மாத வாடகையை ஷை முன்பணத்தில் கழித்துக்கொள்ள 1-வது நபருக்கு'. அவ்வளவுதான், தாள் முடிந்துவிட்டது.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. உண்டு என்று முடிகிறதா, இல்லை என்று முடிகிறதா என்பது அடுத்த தாளில் இருக்கிறது. உண்டு என்றுதான் முடியும் என்று எனக்குத் தோன்றியது, ஆனாலும் எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தை அனுப்பச் சொன்னேன். அதன் முதல் வரி: 'பூரண உரிமை உண்டு. மேற்படி முன்னறிவிப்பு 1-வது நபரையும் கட்டுப்படுத்தும்.' உண்டு என்பது சரிதான். ஆனால் அடுத்த வாக்கியம் இல்லாமல் சொல்லியிருந்தால், நோட்டீஸ் கொடுக்கும் கடமை இவளுக்கு மட்டும்தான் என்று தப்பாகச் சொல்லியிருப்பேன். ஆச்சியும் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறது. எந்தப் பக்கம் வந்தாலும் முதல் வரியும் கடைசி வரியும் முழு வாக்கியம்தானா என்று முதலில் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது

"அஞ்சு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கலாமா அண்ணே?" என்று கேட்டாள். இது வாசிப்பில் வரும் கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கிறது, அட்வான்ஸ் பற்றி அதில் பேசுகிறார்கள். அவள் விஷயத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லக் கூடாது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி உண்டு. அங்கே கேட்கச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்த எளிய தமிழோடு மூன்று பக்கத்தையும் காட்டச் சொன்னேன், ஏனென்றால் வக்கீல் பார்க்க வேண்டியது மூலத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆச்சியிடம் வெள்ளையடிப்பை மட்டும் கேட்டிருக்கிறாள். "சுவரு அழுக்கா இருந்தாத்தானம்மா பிடிப்பேன், சும்மாவா பிடிப்பேன்?" என்று ஆச்சி சொன்னார்களாம். இரண்டு பிரதியிலும் அந்த வரிக்கு மேல் 'சுவர் அழுக்காக இருந்தால் மட்டும்' என்று பேனாவால் எழுதி, 'கடை'யை அடித்து 'வீடு' ஆக்கி, இரண்டு இடத்திலும் இருவரும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடியேறுகிற அன்றைக்கே நாலு சுவரையும் தேதி தெரிய போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் அந்தப் பக்கத்தின் படம் மறுபடி வந்தது, இந்த முறை டாக்குமெண்டாக. பேனா எழுத்தின் சுழி வரைக்கும் தெரிந்தது.