எல்லாக் குதிரைகளும் ஒரே நிறமா? பிழையைத் தேடும்போது நாம் விடும் பிழைகள்

உயர்தர இணைந்த கணித மாணவர்களுக்குக் கணிதத் தொகுத்தறிவைக் கற்பித்து முடித்த மாலையில், கரும்பலகையில் ஒரு நிறுவலை எழுதிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். ஒரு மந்தையில் எத்தனை குதிரைகள் இருந்தாலும் அவை எல்லாம் ஒரே நிறம் என்று அது நிறுவுகிறது. “குதிரை பார்க்க வேண்டும் என்றால் நெடுந்தீவுக்கு அல்லவா போக வேண்டும், சேர்?” என்று பின்வாங்கில் இருந்து யாராவது கேட்பார்கள். திருகோணமலையில் மானுக்குக் குறைவில்லை, குதிரைக்குத்தான் பஞ்சம். ஆனால் நெடுந்தீவு வரை போகத் தேவையில்லை. பிழை கரும்பலகையிலேயே இருக்கிறது.

நிறுவல் இதுதான். “எந்த n குதிரைகளை எடுத்தாலும் அவை ஒரே நிறம்” என்ற கூற்றை P(n) என்போம். n = 1 என்றால் இருப்பது ஒரு குதிரை; அது தன் நிறத்திலேயே இருக்கிறது, ஆகவே P(1) உண்மை. இனி P(k) உண்மை என்று கொள்வோம். ஏதாவது k + 1 குதிரைகளை வரிசையாக நிறுத்துவோம். கடைசிக் குதிரையை வெளியே கொண்டுபோனால் மிஞ்சுவது k குதிரைகள். அவை ஒரே நிறம். அதைத் திரும்பக் கொண்டுவந்து, முதற் குதிரையை வெளியே கொண்டுபோனாலும் மிஞ்சுவது k குதிரைகள். அவையும் ஒரே நிறம். இடையில் நிற்கும் குதிரைகள் இரண்டு தடவையும் உள்ளேதான் நின்றன. முதற் குதிரை அவற்றின் நிறம், கடைசிக் குதிரையும் அவற்றின் நிறம். எனவே k + 1 குதிரைகளும் ஒரே நிறம். நிறுவல் முடிந்தது.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜோர்ஜ் போல்யா 1954இல் இதே தந்திரத்தை, எந்த n எண்களை எடுத்தாலும் அவை சமம் என்ற வடிவில் பயிற்சியாகக் கொடுத்திருந்தார். குதிரைகள் பின்னால் வந்து சேர்ந்தவை.

கையை முதலில் உயர்த்துபவர் அநேகமாகச் சொல்வது: “கறுப்புக் குதிரையும் இருக்கிறது, வெள்ளைக் குதிரையும் இருக்கிறது. அப்படியென்றால் நிறுவல் பிழை.” உண்மைதான், ஆனால் அது பிழையைக் கண்டுபிடித்ததாகாது. காய்ச்சல் இருக்கிறது என்பதும் இன்ன காரணத்தால் காய்ச்சல் என்பதும் வேறு வேறு. இவருக்கு நான் குதிரையை அழித்துவிட்டு மானை எழுதிக் கொடுப்பேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள், பார்வைக்கு எல்லாம் ஒரே நிறம். அதே நிறுவல், அதே வரிகள், “குதிரை” என்ற சொல் மட்டும் “மான்” ஆகிவிட்டது. இப்போது முடிவு சரியாகத் தெரிகிறது. யாரும் கையை உயர்த்துவதில்லை. ஆனால் நிறுவலில் இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. முடிவைப் பார்த்துப் பிழை பிடிப்பவர் மான்களிடம் தோற்றுவிடுவார்.

அடுத்தவர் ஆரம்பப் படியைப் பிடிப்பார். “ஒரு குதிரையை எதோடு ஒப்பிடுவது? n = 1 என்பதே ஏமாற்று.” இல்லை. ஒரேயொரு குதிரை உள்ள கூட்டத்தில் நிறம் வேறுபடும் இரண்டு குதிரைகள் கிடையா. ஆகவே P(1) முழு உண்மை. கூற்று சப்பையாக இருப்பது குற்றமல்ல. (ஒரு குதிரையே பாதி வெள்ளை பாதி கபிலமாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கோலத்தையே ஒரு நிறமாக எண்ணிக்கொள்ளலாம், நிறுவலுக்கு ஒன்றும் ஆகாது.)

மூன்றாவது குற்றச்சாட்டு சற்றுக் கனமானது: “நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.” இதைச் சொல்பவரிடம், முதல் n எண்களின் கூட்டுத்தொகை n(n + 1)/2 என்று நிறுவியபோதும் k இற்கு உண்மை என்று கொண்டுதானே தொடங்கினோம் என்று கேட்க வேண்டும். k இற்குக் கொண்டு k + 1 இற்குக் காட்டுவதுதான் தொகுத்தறிவு. அது பிழையென்றால் முழு அத்தியாயத்தையும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

இதன் தம்பி ஒன்றும் உண்டு: “முதல் k குதிரைகளுக்குத்தானே எடுத்துக்கொண்டீர்கள், பிறகு வேறு k குதிரைகளுக்கு எப்படிப் பாவித்தீர்கள்?” நல்ல கண். ஆனால் P(k) எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திரும்பப் பாருங்கள்: “எந்த k குதிரைகளை எடுத்தாலும்.” கருதுகோள் எல்லா k-கூட்டங்களையும் பற்றியது, முதலாவதை நீக்கினாலும் கடைசியை நீக்கினாலும் அது பொருந்தும். “இந்த k குதிரைகள்” என்று எழுதியிருந்தால் மட்டுமே இந்தக் குற்றச்சாட்டு நிற்கும்.

இனி உண்மையான இடத்துக்கு வருவோம். என் வகுப்பில் இந்த நிறுவலுக்குப் படம் கீறச் சொன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்து குதிரைகள் கீறுகிறார்கள். அங்கேதான் கண் ஏமாறுகிறது.

```
k = 4:   [1  2  3  4]  5
          1 [2  3  4  5]
```

2, 3, 4 இரண்டு அடைப்புக்குள்ளும் வருகின்றன. அவைதான் சாட்சிகள்: 1 எங்கள் நிறம், 5 எங்கள் நிறம் என்று சொல்பவை. பொதுவாக, k + 1 குதிரைகளில் இப்படி இரண்டு கூட்டத்திலும் நிற்பவை k − 1. இந்த k − 1 பூச்சியம் ஆகாத வரை வாதம் ஓடும். k = 1 ஆனால்?

```
k = 1:   [1]  2
          1  [2]
```

முதற் கூட்டத்தில் முதற் குதிரை மட்டும். இரண்டாம் கூட்டத்தில் இரண்டாம் குதிரை மட்டும். இரண்டும் தனித்தனியே “ஒரே நிறம்”தான், ஆனால் ஒன்றையொன்று அறியா. “இடையில் நிற்கும் குதிரைகள்” என்று நிறுவல் எழுதியபோது, இல்லாத குதிரைகளைச் சாட்சிக்கு அழைத்தது. தொடைகளின் மொழியில் சொன்னால், இரு தொடைகளின் இடைவெட்டு வெறுமையாகிவிட்டது.

வகுப்பில் இதைக் கன்னியா வெந்நீரூற்றில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே போகாத பிள்ளை இங்கே இல்லை. ஏழு கிணறுகள், வாளியால் அள்ளி ஊற்றினாலே சூடு கிணற்றுக்குக் கிணறு வேறு என்று உடம்பு சொல்லிவிடும். “எந்த n கிணறுகளை எடுத்தாலும் சூடு ஒன்றே” என்பது கூற்று. P(1) ஏழு கிணறுகளுக்கும் உண்மை. இரண்டு கிணறுகளுக்கு வருவோம். இரண்டாவதை மறந்துவிட்டால் முதலாவது தன் சூட்டோடு இருக்கிறது. முதலாவதை மறந்துவிட்டால் இரண்டாவது தன் சூட்டோடு இருக்கிறது. ஒப்பிட மூன்றாவது கிணறு இந்தக் கூட்டத்தில் இல்லை. வாதம் இங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் மூன்று கிணறுகளுக்குப் போய்ப் பாருங்கள். எந்த இரண்டு கிணறுகளும் ஒரே சூடு என்று யாராவது எழுதிக் கொடுத்தால், 1உம் 2உம் ஒன்று, 2உம் 3உம் ஒன்று, நடுவில் 2 சாட்சி; ஆகவே மூன்றும் ஒன்று. இந்தப் படியில் ஒரு குறையும் இல்லை. நான்குக்கும் இல்லை, ஏழுக்கும் இல்லை. அதனால்தான் “தொகுத்தறிவுப் படி பிழை” என்று மொட்டையாக எழுதும் விடைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பதில்லை. P(2) இலிருந்து P(3), P(3) இலிருந்து P(4) என்று எல்லாப் படிகளும் செல்லுபடியாகும். P(1) இலிருந்து P(2) என்ற ஒரே படிதான் இல்லை. கொழும்புக்குப் புறப்படும் இரவுப் புகையிரதத்தில் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றோடொன்று நன்றாகக் கொளுவிவிட்டு, எஞ்சினுக்கும் முதற் பெட்டிக்கும் இடையில் மட்டும் கொளுவ மறந்தது போல. எஞ்சினில் பழுதில்லை, பெட்டிகளிலும் பழுதில்லை. எஞ்சின் மட்டும் போய்விடும்.

சோதனைத் தாளில் எழுத இவ்வளவும் தேவையில்லை. “k = 1 ஆகும்போது இரு கூட்டங்களுக்கும் பொது உறுப்பு இல்லை; ஆகவே P(1) ⇒ P(2) நிறுவப்படவில்லை” என்ற ஒரு வரி போதும்.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் உடனே திருத்தம் சொல்வார்: “அப்படியென்றால் n = 2 இலிருந்து தொடங்குவோம், சேர்.” தொடங்கலாம். ஆனால் இப்போது P(2) ஐத் தனியாக நிறுவ வேண்டும், அதாவது எந்த இரண்டு கிணறுகளுக்கும் சூடு ஒன்று என்று. ஏழு கிணறுகளில் 21 சோடிகள். ஒரு சோடி வேறுபட்டாலே P(2) பொய். 21உம் ஒத்துவந்தால் ஏழும் ஒன்றென்று அப்போதே தெரிந்துவிடும். உண்மையில் முதற் கிணற்றை மற்ற ஆறோடு ஒப்பிட்டாலே போதும். அதாவது முழுக் கூற்றின் பாரமும் P(2) இல் இருக்கிறது. மூல நிறுவல் அந்தப் பாரத்தைத் தூக்காமல் தாண்டிப் போனது.

புள்ளி வைத்து எழுதும் பழக்கமும் இதற்கு உடந்தை. குதிரைகளை 1, 2, …, k, k + 1 என்று எழுதினால், இரண்டாம் குதிரையும் k ஆம் குதிரையும் நடுவில் வெவ்வேறாக நிற்பது போலத் தோன்றும். k = 1 ஆனால் அந்த எழுத்தே பொய்; வரிசை 1, 2 மட்டும், k ஆம் குதிரை என்பது முதற் குதிரையேதான். ஆகவே படியை எழுதியவுடன், ஆரம்பப் படியில் எந்த எண்ணை நிறுவினோமோ அதையே k இற்குப் போட்டு, புள்ளிகள் இல்லாமல் ஒரு தடவை முழுதாக எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். k = 10 போட்டுப் பார்ப்பது வீண். பத்தில் இந்தப் பிழை தலைகாட்டாது.

இந்த முறை விளங்கிவிட்டதா என்று பார்க்க, குதிரையும் கிணறும் இல்லாத ஒன்றை வீட்டு வேலையாகக் கொடுப்பேன். 2இன் எல்லா வலுக்களும் 1 என்று நிறுவுவது. ஆரம்பம்: 2^0 = 1. 0 முதல் k வரை எல்லா வலுக்களும் 1 என்று கொண்டால்:

```
2^(k+1) = (2^k × 2^k) / 2^(k−1) = (1 × 1) / 1 = 1
```

சுட்டிகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், k + k − (k − 1) = k + 1; சமன்பாடு சரி. ஆரம்பமும் சரி. போன தடவை ஒரு மாணவி கொப்பியின் ஓரத்தில் k = 0 போட்டு எழுதியிருந்தாள்; கீழே 2^(−1) வந்து நின்றது. அதைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: “இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது?”